இன்னொரு தரம் சொல்லுங்க

பூனாகலைத் தோட்டத்தில் காலையில் எல்லோரும் கூடி நிற்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை அன்றைய வேலையைச் சொல்வார். எந்த மலை, எத்தனை கிலோ கொழுந்து, யார் யார் எந்த வரிசை. அவர் சொல்லும் வேகத்துக்குப் பாதி காற்றோடு போய்விடும். நிற்பவர்கள் எல்லோரும் "சரிங்க" என்பார்கள். பிறகு மலைக்கு ஏறும் பாதையில், "என்னாடி சொன்னாரு?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வார்கள். நாலு பேர் காதில் விழுந்ததைச் சேர்த்தால் முழுச் செய்தியும் கிடைத்துவிடும். கணக்கப்பிள்ளையிடம் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் காது செவிடா என்பார். கேட்காமலே வேலை நடந்துகொண்டிருந்தது.

விதுர்ஷா பெரட்டில் நின்றவள் அல்ல. ஆனால் அவள் அம்மா ஜெயலெட்சுமி இருபத்தாறு வருடமாக நிற்கிறாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலும் இதே வழக்கம்தான் இருந்தது. விளங்கியதா என்று ஆசிரியர் கேட்டால் நாற்பது பேரும் விளங்கியது என்பார்கள். மணி அடித்த பிறகு, விளங்கிய ஒருத்தியைச் சுற்றி மற்றவர்கள் உட்காருவார்கள். பல வருடம் அந்த ஒருத்தி விதுர்ஷாதான். கணக்கியலில் அவளுக்கு ஏ. ஆங்கிலத்தில் மட்டும் சாதாரண சித்தி, தேர்ச்சி என்ற அளவுக்கு.

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பெறுபேறு வந்த வாரமே கொழும்பிலிருந்து மாமா போன் எடுத்தார். அவர் வேலை செய்யும் புடவைக் கடையில் இடம் இருக்கிறது, தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள், அனுப்பிவிடு அக்கா என்றார். தோட்டத்தில் படித்து முடித்த பெண்கள் பாதிப்பேர் அந்த வழியாகத்தான் போனார்கள். விதுர்ஷா அம்மாவிடம் ஒரு வருடம் தவணை கேட்டாள். ஒரு வருடத்தில் இங்கிலிஷ் பேசப் படித்துக்கொண்டு, இந்தப் பக்கத்திலேயே ஒரு நல்ல வேலை தேடிக்கொள்வதாகச் சொன்னாள். கிடைக்காவிட்டால் மறுபேச்சு இல்லாமல் கொழும்புக்குப் போவாள். அப்பா செத்து நாலு வருடம் ஆகியிருந்தது. முடிவு சொல்ல வேண்டியவள் அம்மா ஒருத்திதான். ஜெயலெட்சுமி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், வகுப்பு எந்தக் கிழமை என்று கேட்டாள்.

சனிக்கிழமைகளில் வகுப்பு. பதுளை பஜாரில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடி. நடத்தியவர் கஜரூபன். முப்பது வயது. வல்வெட்டித்துறைக்காரர், கிழமை நாட்களில் பதுளையில் ஒரு வங்கியில் வேலை. பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பதுளைக்கு இன்னொரு பஸ். போக மூன்று மணித்தியாலம், வர மூன்று. அந்தப் பஸ்ஸில்தான் துஷாந்தியைக் கூட்டாளியாகப் பிடித்தாள். துஷாந்தி ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம். அதே வகுப்புக்குப் பண்டாரவளையில் ஏறுவாள். அவளுக்கும் தமிழ் மொழிமூலம், அவளுக்கும் ஆங்கிலத்தில் சாதாரண சித்தி. வாய் மட்டும் இரண்டு பேருக்குப் போதுமானதாக இருந்தது.

கஜரூபன் முதல் வகுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிட்டார். இலக்கணம் உங்கள் தலையில் ஏற்கெனவே இருக்கிறது, பதினொரு வருடம் அதைத்தானே எழுதினீர்கள், குறைவது வாய் அசைந்த நேரம். நாளுக்கு அரை மணித்தியாலமாவது சத்தமாகப் பேசாதவர்கள் காசைக் கட்ட வேண்டாம் என்றார். ஆகவே இருவரும் பஸ்ஸில் இங்கிலிஷில் பேசினார்கள். பின் இருக்கையிலிருந்து ஒருவர், "ஏம்மா, தொரை வூட்டுப் புள்ளைங்களா? வண்டிய பங்களாவுக்குத் திருப்பச் சொல்லவா?" என்று கேட்டார். பஸ் சிரித்தது. விதுர்ஷாவின் வாய் அடைத்துப்போயிற்று. துஷாந்தி திரும்பி, "திருப்புங்கண்ணே, டீ குடிச்சிட்டுப் போவோம்" என்றாள். அதற்குப் பிறகு அந்த மனிதரே சில சனிக்கிழமைகளில் குட் மோர்னிங் சொன்னார்.

முகம் பார்த்துப் பேசுவது வேறு, போனில் பேசுவது வேறு என்று அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். முகம் பார்த்தால் பாதியைக் கையும் கண்ணும் சொல்லிவிடும். ஆகவே மாலைகளில் ஒருத்திக்கு ஒருத்தி போன் எடுத்து, ஒரு நாள் ஒருத்தி கடைக்காரி, மறுநாள் மற்றவள். தேதி, விலை, பெயரின் எழுத்துகள். லயத்து வரிசை வீடுகளுக்குள் சிக்னல் வராது. விதுர்ஷா தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறி நின்று பேசுவாள். கீழே போகிறவர்கள் யாரோடு சண்டை என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

எட்டு மாதத்தில் இருவரும் நன்றாகவே பேசினார்கள். நேர்முகத் தேர்வுக் கேள்விகள் அறுபதுக்கு விடை தயாராக இருந்தது. ஒன்று மட்டும் அந்த மாடியில் யாரும் கவனிக்கவில்லை. கஜரூபன் விளங்கியதா என்று கேட்பார். இருபத்திரண்டு பேரும் எஸ் சேர் என்பார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் விதுர்ஷா, "இன்னைக்குக் கடைசியா என்னாடி சொன்னாரு?" என்று கேட்பாள். துஷாந்தி சொல்வாள். துஷாந்திக்குத் தெரியாததை விதுர்ஷா சொல்வாள். இரண்டையும் சேர்த்தால் வகுப்பு முழுதாகிவிடும்.

பதினோராம் மாதம் அழைப்பு வந்தது. பண்டாரவளைக்கும் எல்ல என்ற ஊருக்கும் நடுவில் வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் ஒரு ஹோட்டல். நாற்பத்தெட்டு அறை. முன்பதிவு மேசைக்கு ஒரு ஆள் தேவை. நேர்முகத்தில் கேட்ட ஒன்பது கேள்வியில் ஏழு அறுபதுக்குள் இருந்தன. மற்ற இரண்டுக்கும் புன்னகையோடு எஸ் சேர் சொன்னாள். போதுமாக இருந்தது. மனேஜர் அம்பலவாணர் இரண்டு வாரம் பழகிப் பார்க்க வரச் சொன்னார். பதினான்காம் நாள் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சொல்வார். மாமா கொடுத்த தவணை அதற்கு மூன்று நாள் பிந்தி முடிந்தது. இரண்டாம் முறை அவர் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். மூன்றாம் முறை முடியாது என்று சொல்லியிருந்தார்.

அம்பலவாணருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கோப்பாய் ஆள் என்று சொன்னார்கள். வேலை நேரத்தில் தமிழ் ஆட்களோடும் அவர் தமிழ் பேசியதை யாரும் கேட்டதில்லை. மேசையில் இன்னொருவன் மபாஸ். பதுளை டவுன் பையன், ஆறு வருட அனுபவம், வருகிற ஆளின் சப்பாத்தைப் பார்த்தே எந்த அறை கேட்பார் என்று சொல்லிவிடுவான். முதல் நாளே அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "தங்கச்சி, இதுல ஒண்டும் இல்ல. சிரிச்சிட்டு இருந்தா சரி. மிச்சத்த கொம்பியூட்டர் பாத்துக்கும்" என்றான்.

நாலு நாள் நன்றாகப் போயிற்று. வந்த அழைப்புகள் வகுப்பில் பழகியவை மாதிரியே இருந்தன. அறை இருக்கிறதா, விலை என்ன, ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம். ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்றரைக்கு ஒரு அழைப்பு வந்தது. மபாஸ் எதிரே ஒரு குடும்பத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான். விதுர்ஷா எடுத்தாள்.

கொழும்பில் சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து ரொஷினி என்ற பெண். பின்னால் ஒலிபெருக்கி அறிவிப்பும் வண்டிச் சத்தமும். அவள் பேசிய இங்கிலிஷில் சொற்களுக்கு நடுவே இடைவெளியே இல்லை. ஜெர்மன் குழு என்பது விதுர்ஷாவுக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமை அந்தக் குழு வருவது கணினியில் இருந்தது. மாற்றம் என்பதும் விளங்கியது. பதினான்கு என்று ஏதோ. பிறகு நீளமாக ஒரு வாக்கியம், அதற்குள் இரட்டைக் கட்டில். பிறகு ஒரு கேள்வி.

"எஸ் மேடம்" என்றாள் விதுர்ஷா.

இன்னொரு கேள்வி. எஸ் மேடம். பிறகு ஏதோ சொல்லி ரொஷினி சிரித்தாள். இவளும் சிரித்தாள். எஸ் மேடம். நன்றி, நல்ல உதவி செய்தீர்கள் என்று மட்டும் கடைசியில் தெளிவாகக் கேட்டது. லைன் விழுந்தது.

காகிதத்தில் மூன்று சொல் இருந்தன. ஜெர்மன். பதினான்கு. கட்டில்.

மபாஸ் சாவியைக் கொடுத்து முடிக்கும் வரை காத்திருந்தாள். அவன் காதில் ஒன்றும் விழுந்திருக்கவில்லை. காகிதத்தைப் பார்த்தான். "மாத்துறதுன்னா மெயில் போடுவாங்கதானே. நாளைக்கு வரும். அதப் பாத்துச் செஞ்சா சரி" என்றான். ஐந்து மணிக்கு மெயில் வரவில்லை. ஐந்தேகாலுக்குக் கண்டியிலிருந்து ஒரு கலியாண வீட்டுக்காரர் பேசினார். வியாழக்கிழமைக்கு ஐந்து அறை வேண்டும். வியாழனுக்குப் பதினைந்து அறை காலியாக இருந்தது. மபாஸ் ஐந்தை எழுதினான். பத்து மிச்சம். விதுர்ஷா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளி என்றால் அவளுக்கு ஜெர்மன் குழு நினைவு வந்திருக்கும். வியாழன் என்பதால் ஒன்றும் தோன்றவில்லை.

ஆறு மணிப் பஸ்ஸில் துஷாந்திக்குப் போன் எடுத்தாள். துஷாந்தி ஹல்துமுல்லையில் ஒரு பார்மசியில் தற்காலிகமாக நின்றுகொண்டிருந்தாள். விதுர்ஷா மூன்று சொல்லையும் சொன்னாள். எந்த இடத்தில் கேள்வி மாதிரி இருந்தது, எந்த இடத்தில் சிரித்தாள், எல்லாம் சொன்னாள்.

"என்னாடி சொல்லிருப்பா?"

"ஏன்டி, நான் அந்த போன்ல இருந்தேனா?" என்றாள் துஷாந்தி.

"இல்ல, ஒரு யோசனைக்குக் கேக்குறேன்."

"யோசனைக்கு நான் சொல்லிருவேன். பதினாலு பேருக்கு இடியப்பம் கேட்டான்னும் சொல்லலாம். நீ போய் அவிச்சு வைப்பியா?"

விதுர்ஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. துஷாந்தியும் சிரிக்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில் காதில் விழுந்த ஒன்றை யாரிடம் கேட்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு நிலைமை அதுவரை வந்ததில்லை. கடைசியில் துஷாந்தி, அந்தப் பொம்பளையிடமே கேள் என்றாள். கேட்டால் வேலை போய்விடும் என்றாள் விதுர்ஷா. கேட்காவிட்டால் போகாதா என்று துஷாந்தி கேட்டாள். பஸ் பூனாகலை வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் சிக்னல் போய்விட்டது.

மறுநாள் காலை ஏழரைக்கே மேசையில் இருந்தாள். முதலில் மெயிலைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மபாஸ் எட்டு மணிக்கு வந்தான். அவனிடம் சொன்னாள், எனக்கு நேற்றுப் பாதிதான் விளங்கியது, திருப்பி எடுத்துக் கேட்கப்போகிறேன் என்று. மபாஸ் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"தங்கச்சி, எழுத்துல ஒண்டும் இல்லத்தானே. அவ சொன்னேன்னு சொல்லுவா. நாங்க மெயில் வரல்லன்னு சொல்லுவோம். ஹோட்டல் பக்கம் பிழையில்ல, ஓங்க பக்கமும் பிழையில்ல. நீங்க எடுத்துக் கேட்டீங்கன்டா, நேத்து வெளங்காம எஸ் சொன்னது நீங்கதான்னு நீங்களே சாட்சி."

அவன் சொன்னதில் தவறு இல்லை. அவன் கெட்டவனும் இல்லை. ஆறு வருடத்தில் அவன் பார்த்த வேலை அது. இன்னும் எட்டு நாள் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தால் பதினான்காம் நாள் வந்துவிடும். ஒருவேளை அந்த மாற்றம் சின்னதாகவே இருக்கலாம். வெள்ளிக்கிழமை குழு வந்து இறங்கும்போது தெரிந்துவிடும். அப்போது மபாஸ் மெயில் வரவில்லை என்பான்.

விதுர்ஷா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். யார், எந்த நாள், எத்தனை அறை, என்ன கட்டில், சாப்பாடு என்று இடது பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினாள். வலது பக்கத்தை வெறுமையாக விட்டாள். மேலே இங்கிலிஷில் இரண்டு வாக்கியம் எழுதினாள். அறுபது விடைகளில் இந்த இரண்டும் இல்லை. ஒன்று, மன்னிக்க வேண்டும், எனக்கு விளங்கவில்லை, தயவுசெய்து இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லுங்கள். மற்றது, நான் வாசிக்கிறேன், சரியா என்று பாருங்கள். அதற்குப் பிறகு போனை எடுத்தாள்.

ரொஷினி யாரென்று ஞாபகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிடித்ததும் குரல் உற்சாகமாகியது. எல்லாம் சரிதானே என்றாள்.

விதுர்ஷா எழுதி வைத்த முதல் வாக்கியத்தைச் சொன்னாள். பிறகு எழுதி வைக்காத ஒன்றையும் சொன்னாள். நேற்று நீங்கள் பேசியது எனக்கு விளங்கவில்லை, விளங்காமல் எஸ் சொன்னேன்.

நீங்கள் மூன்று தரம் எஸ் சொன்னீர்களே என்றாள் ரொஷினி. ஆமாம் என்றாள் விதுர்ஷா. நான் விமான நிலையத்தில் நின்று பேசினேன், கணினி என்னிடம் இல்லை, அலுவலகத்துக்குத் திரும்பியதும் மெயில் போடுகிறேன், அதுவரை உங்கள் வாய்ச் சொல்லை வைத்து அறையைப் பிடித்து வையுங்கள் என்று கேட்டேன், அதற்கும் எஸ் சொன்னீர்கள். ஆமாம் என்றாள் மறுபடியும். கை தாளில் பேனாவை அழுத்திக்கொண்டிருந்தது. மபாஸ் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் நின்று கேட்க விரும்பவில்லை.

ரொஷினி மெதுவாகப் பேசத் தொடங்கினாள். அது கோபத்தில் வந்த நிதானமாக இருந்தாலும் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தது. விதுர்ஷா வலது பக்கத்தை நிரப்பினாள். மூன்று இடத்தில் நிறுத்தி, இன்னொரு தரம் என்று கேட்டாள். முதல் தரம் கேட்கும்போது காது சூடானது. இரண்டாம் தரம் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் தரம் ரொஷினியே நிறுத்தி, விளங்கியதா, எழுதினீர்களா என்று கேட்டாள். இல்லை, எந்த நாள் என்பதை மட்டும் திருப்பிச் சொல்லுங்கள் என்றாள் விதுர்ஷா.

நாள் வியாழன். குழு வெள்ளிக்குப் பதிலாக ஒரு நாள் முந்தி வருகிறது. ரயில் வேலைநிறுத்தம் வரும் என்று பயந்து பயணத்தை மாற்றியிருக்கிறார்கள். பதினாறு அறைக்குப் பதில் பதினான்கு. இரண்டில் இரட்டைக் கட்டில். மறுநாள் காலை ஐந்தரைக்கு மலையேறப் போவதால் காலைச் சாப்பாடு பொதியாகக் கட்டித் தர வேண்டும். முழுவதையும் வாசித்தாள். ஒரு இடத்தில் ரொஷினி திருத்தினாள். திருத்தியதை மறுபடி வாசித்தாள். பேசியது பதினொரு நிமிடம்.

வியாழன் என்றால் நாளைக்கு. நாளைக்குப் பத்து அறைதான் காலி. நேற்று மூன்றரைக்குப் பதினைந்து இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு அம்பலவாணரின் அறைக்குப் போனாள். அவர் வழக்கம்போல இங்கிலிஷில் என்னவென்று கேட்டார். அவள் வரும் வழியில் சேர்த்து வைத்திருந்த இங்கிலிஷில் சொன்னாள். கால இலக்கணம் இரண்டு இடத்தில் வழுக்கியது. அவர் இடையில் பேசவில்லை. சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தமிழில் பேசினார்.

"நாலு அறை குறையுது. நேற்றைக்கே கேட்டிருந்தால் ஒண்டும் குறைஞ்சிராது. ஏன் பிள்ளை கேக்கேல்லை?"

"கேட்டா மரியாதை இல்லைன்னு நெனச்சேன் சேர். எங்க பக்கம் பெரியவங்க சொன்னா சரின்னுதான் சொல்லுவோம். வெளங்காததப் பொறகு பக்கத்து ஆள்ட்ட கேட்டுக்குவோம்."

"நேற்று ஆரிட்டைக் கேட்டனீர்?"

"கூட்டாளிட்ட சேர். ஹல்துமுல்லையில இருக்கா."

அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போயிற்று. சிரிப்பென்று சொல்ல முடியாது. "அவவுக்கு எங்கடை அறைக்கணக்குத் தெரியுமோ?" என்றார். பதிலை எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு இங்கிலிஷுக்குப் போனார். பக்கத்து விடுதிகள் மூன்றின் பெயரைச் சொன்னார். நாளைக்கு நாலு அறை, எங்கள் தரத்தில், எங்கள் செலவில். அவளே பேச வேண்டும். அதற்குப் பிறகு ரொஷினிக்கு மறுபடி எடுத்து, நாலு அறை எங்கே, ஏன் என்று சொல்ல வேண்டும். பத்து மணிக்குள்.

முதல் விடுதியில் இடமில்லை. இரண்டாவதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, முதலாளியின் மனைவி, எடுத்தார். அவருடைய இங்கிலிஷ் ரொஷினியுடையதைவிட வேறு மாதிரி இருந்தது. விதுர்ஷா இரண்டு தரம் கேட்டாள். மூன்று அறை கிடைத்தது. மூன்றாவதில் ஒன்று. பத்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது ரொஷினியிடம் சொன்னாள். நாலு அறைக்காரரை வேறு இடத்தில் வைப்பது ரொஷினிக்குப் பிடிக்கவில்லை. அதை அவள் நன்றாக விளங்கும்படி சொன்னாள். முறைப்பாடு எழுதுவதாகவும் சொன்னாள். விதுர்ஷா முறைப்பாட்டை அனுப்ப வேண்டிய மெயில் விலாசத்தின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள்.

வியாழன் மாலை ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். எட்டுப் பேரைப் பக்கத்து விடுதிகளுக்கு வேனில் அனுப்பினார்கள். ஒரு கிழவர் மட்டும் தன் தம்பியை ஏன் பிரித்தீர்கள் என்று ரிசப்ஷனில் நின்று கேட்டார். விதுர்ஷா மன்னிப்புக் கேட்டாள். அவருடைய இங்கிலிஷும் அவளுடையதைப் போலத்தான் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் மாறி மாறித் திருப்பிச் சொல்லச் சொல்லி, தம்பியை இந்தப் பக்கமும் வேறொருவரை அந்தப் பக்கமும் மாற்றினார்கள். முறைப்பாட்டுக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மபாஸ் அதை அச்செடுத்து மனேஜரின் மேசையில் வைத்தான். அவளைப் பார்க்கவில்லை. பின்னேரம் டீ கொண்டுவந்து வைத்தான்.

பதினான்காம் நாள் அம்பலவாணர் கூப்பிட்டார். இந்தத் தரம் தமிழுக்கு வரவில்லை. வேகத்தையும் குறைக்கவில்லை. அவள் இரண்டு தரம் மறித்தாள். ஆறு மாதம் பயிலுநர், நிரந்தரம் அல்ல. கையில் வருவது புடவைக் கடைச் சம்பளத்தைவிடக் குறைவு, தங்குமிடமும் இல்லை. குழு முன்பதிவுகளைத் தொடக் கூடாது, தொட்டால் வாசித்துக் காட்டி, எழுத்தில் வந்த பிறகு மட்டும். நாலு அறையின் செலவு ஹோட்டல் கணக்கில் போகும், அடுத்த தரம் போகாது. ஆறு மாதத்தின் முடிவில் நிரந்தரமாகும் என்று உறுதி தர முடியாது. விருப்பமென்றால் நாளை மறுநாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நாளை மறுநாள் என்றால் சனிக்கிழமையா என்று கேட்டாள். சனிக்கிழமை என்றார்.

லயத்துக்கு வரும்போது ஜெயலெட்சுமி இடுப்பில் கட்டும் கொழுந்துப் படங்கை உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். விதுர்ஷா வாசலில் நின்றபடியே சொன்னாள். கடைச் சம்பளத்தைவிட எவ்வளவு குறைவு என்பதையும் சொன்னாள்.

"ஆறு மாசத்துக்கு அப்பறம் வேண்டாம்னு சொன்னா?"

"சொல்லலாம்மா."

"அப்ப எதுக்கு?"

விதுர்ஷா யோசித்தாள். "கடையில பத்து வருசம் நின்னாலும் அதே மேசைதாம்மா. இங்க ஆறு மாசத்துல ஆயிரம் பேர்கிட்டப் பேசுவேன். அனுப்பினாங்கன்னாலும் அது எங்கிட்ட இருக்கும்" என்றாள்.

ஜெயலெட்சுமி படங்கின் ஓரத்தில் ஒட்டியிருந்த இலையைக் கிள்ளி எடுத்தாள். அவளுக்கு அது முழுதாக விளங்கியதாகத் தெரியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு பக்கத்து வீட்டுப் பெரியாயியிடம் போய்க் கேட்பாள். இன்று படங்கை மடித்து வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அந்த ஆறு மாசக் கதைய இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

விதுர்ஷா பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னாள். அம்மா நடுவில் நாலு இடத்தில் மறித்தாள். பயிலுநர் என்றால் என்ன, கையெழுத்துப் போட்ட பிறகு நடுவில் விட்டுவிட்டு வர முடியுமா, பஸ் பிந்தினால் சம்பளம் வெட்டுவார்களா. கடைசிக் கேள்விக்கு விதுர்ஷாவிடம் பதில் இல்லை. கேட்டு வருவதாகச் சொன்னாள்.

"கேட்டுட்டுக் கையெழுத்துப் போடு. மாமாவுக்கு நீயே சொல்லிரு. நான் சொன்னா அவரு பேசுறதுக்கெல்லாம் சரி சரின்னு சொல்லிருவேன்."

விதுர்ஷா தண்ணீர்த் தொட்டிக்கு ஏறினாள். மாமா இரண்டாம் மணி அடிக்கும்போதே எடுத்தார். இவள் சொல்லி முடிக்க விடவில்லை. கடை முதலாளியிடம் தான் எத்தனை தரம் தலை குனிந்தார் என்றார், அக்கா எத்தனை நாளைக்குக் கொழுந்து எடுப்பாள் என்றார், நிரந்தரமில்லாத வேலையை நம்பி இருக்கிற இடத்தை விடுகிறவள் புத்திசாலியா என்றார். எல்லாம் நியாயமான கேள்விகள். அவள் அவற்றைக் கேட்டுக்கொண்டு நின்றாள். சரிங்க மாமா என்று இரண்டு தரம் வாய்வரை வந்தது.

"அப்ப ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல ஏத்திவிடச் சொல்றேன், சரியா?" என்றார் கடைசியில்.

"இல்ல மாமா. வரல்ல" என்றாள்.

லைன் சரியில்லை, என்ன சொன்னாய் என்று மாமா கேட்டார். அவள் திருப்பிச் சொன்னாள்.